அடர்ந்த கட்டத்தைத் தேடும் கண்

தரவுப் பகுப்பாய்வு அறிக்கைகளில் அடிக்கடி ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. சிவப்பும் நீலமுமாகச் சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு தசம இலக்கத்தில் ஓர் எண், அவற்றில் இரண்டு மூன்று கட்டங்களைச் சுற்றி யாரோ போட்ட வட்டம். ஒட்டுறவு அணியின் ஹீட்மேப் அது. வட்டமிட்ட கட்டங்களுக்குரிய மாறிகள் ‘வலுவான தொடர்புள்ளவை’ என்று அறிவிக்கப்படும். அடுத்த பக்கம் அந்தத் தொடர்புக்குக் காரணமும் சொல்லும். இந்தப் பழக்கத்தில் உண்மையான பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் வட்டமிட்ட கட்டங்களில் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

ஆர் மொழி படிப்பவர்கள் அனைவருக்கும் அறிமுகமான `mtcars` தரவை எடுத்துக்கொள்வோம். 1974இல் அமெரிக்காவின் ‘மோட்டார் ட்ரெண்ட்’ இதழில் வந்த விவரங்கள் இவை. 32 கார்கள், 11 மாறிகள். அணியில் 121 கட்டங்கள் இருக்கும். மூலைவிட்டத்தில் உள்ள 11 கட்டங்கள் ஒரு மாறியை அதனோடேயே ஒப்பிடுபவை, அங்கே எப்போதும் 1 தான். மீதியில் ஒரு பாதி மறுபாதியின் பிரதிபலிப்பு. ஆகவே உண்மையில் பார்ப்பதற்கு இருப்பவை 55 இணைகள்.

படத்தைப் பார்த்ததும் ஒரு கூட்டம் கண்ணில் படும். சிலிண்டர் எண்ணிக்கை (`cyl`), இன்ஜின் கொள்ளளவு (`disp`), குதிரைத்திறன் (`hp`), எடை (`wt`) ஆகிய நான்கும் ஒன்றோடொன்று நேர் ஒட்டுறவு கொண்டு ஒரே நிறத்தில் திரள்கின்றன. ஒரு கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்கிற `mpg` இந்த நான்கோடும் எதிர்த்திசையில் நிற்கிறது. ஹீட்மேப்பின் நிஜமான பலம் இந்தக் காட்சிதான். நான்கு மாறிகளும் பெரும்பாலும் ‘இது பெரிய கார்’ என்ற ஒரே செய்தியையே நான்கு விதமாகச் சொல்கின்றன என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. இவை நான்கையும் ஒரே பின்னடைவுச் சமன்பாட்டில் போட்டால் கெழுக்கள் தள்ளாடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. தரவுப் பிழையும் இப்படித்தான் பிடிபடும். எடை கூடக் கூட மைலேஜும் கூடுவதாக ஒரு கட்டம் காட்டினால், ஏதோ ஒரு நெடுவரிசை தலைகீழாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று உடனே தேடலாம். 55 எண்களைப் பட்டியலாகப் படித்து இந்தத் திரட்சியைக் கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது வட்டமிடுபவரின் வழிக்கு வருவோம். மிக அடர்ந்த கட்டம் எது? சிலிண்டர் எண்ணிக்கைக்கும் இன்ஜின் கொள்ளளவுக்கும் இடையிலானது, 0.90. கார் பற்றிச் சிறிதளவு தெரிந்தவருக்குக்கூட இதில் புதுச் செய்தி இல்லை. சிலிண்டர்கள் கூடினால் மொத்தக் கொள்ளளவும் பொதுவாகக் கூடும், இன்ஜினின் அமைப்பே அப்படி. எந்தத் துறையின் ஹீட்மேப்பிலும் இதே கதைதான் பெரும்பாலும் நடக்கிறது. மொத்த விற்பனையும் வரியும், உயரம் சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும், வயதும் பணி அனுபவமும் போன்றவைதான் உச்சத்தில் வந்து நிற்கும். எண்ணால் மிக வலுவான இணை, அறிவால் மிகச் சாதாரணமான இணையாகவே பெரும்பாலும் அமைகிறது.

அதற்கடுத்த அடுக்கில்தான் ஆபத்து இருக்கிறது. `am` என்ற மாறியில் ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு 0, மேனுவல் கார்களுக்கு 1. மைலேஜோடு இதன் ஒட்டுறவு 0.60. மேனுவல் கார்களின் சராசரி மைலேஜ் கேலனுக்கு 24.4 மைல், ஆட்டோமேட்டிக் கார்களுக்கு 17.1. ஏழு மைலுக்கு மேல் வித்தியாசம் என்பது சாதாரணமல்ல. ‘கையால் கியர் போட்டால் எரிபொருள் மிச்சமாகும்’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் மேனுவல் கார்கள் இலகுவானவை. அவற்றின் சராசரி எடை சுமார் 2,400 பவுண்டு, ஆட்டோமேட்டிக் கார்களுக்கோ சுமார் 3,800. எடையையும் கியரையும் சேர்த்துச் சமன்பாட்டில் வைத்தால், ஒரே எடையுள்ள இரண்டு வகைக் கார்களுக்கு இடையிலான மைலேஜ் வித்தியாசம் 0.02 மைலாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது ஒன்றுமில்லை. கட்டம் பொய் சொல்லவில்லை. அது இரண்டு மாறிகளை மட்டுமே பார்க்கிறது, மூன்றாவதைப் பார்க்க அதற்கு இடமே இல்லை.

இதன் மறுபக்கத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கால் மைல் தூரத்தைக் கடக்க ஆகும் நொடிகள் `qsec`. எடையோடு இதன் ஒட்டுறவு −0.17 மட்டுமே. ஹீட்மேப்பில் வெளிறிய கட்டம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பார்த்தாலும், கனமான கார் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்ற விசித்திரமான செய்திதான் கிடைக்கும். கனமான கார்களில் சக்தி கூடிய இன்ஜின்கள் இருப்பதே இதற்குக் காரணம். குதிரைத்திறனைச் சமமாக வைத்துப் பார்த்தால், எடைக்கும் நேரத்துக்கும் இடையிலான பகுதி ஒட்டுறவு சுமார் +0.55 ஆகிறது. குறியே மாறிவிட்டது. ஒவ்வொரு ஆயிரம் பவுண்டுக்கும் ஏறக்குறைய ஒரு நொடி தாமதம். இயற்பியல் எதிர்பார்ப்பதும் இதைத்தான். அடர்ந்த கட்டங்களை மட்டும் பொறுக்குகிறவர் இந்த உறவைத் தூக்கி எறிந்திருப்பார். வெளிறிய நிறத்தை ‘தொடர்பில்லை’ என்று வாசிப்பது, அடர்ந்த நிறத்தை ‘காரணம்’ என்று வாசிப்பதற்குச் சற்றும் குறையாத பிழை.

இவை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் சிக்கல்கள். பல கட்டங்களை ஒருசேரத் துழாவுவதால் வருவது வேறு வகைச் சிக்கல். 32 கார்களை வைத்து ஓர் இணையை மட்டும், முன்கூட்டியே முடிவுசெய்து சோதித்தால், ஒட்டுறவு 0.35ஐத் தாண்டுவது ஐந்து விழுக்காட்டு அளவில் பொருட்படுத்தத்தக்கது. 55 இணைகளையும் கண்ணால் மேய்ந்துவிட்டு அதே 0.35ஐ எல்லையாக வைக்க முடியாது. எந்த உறவுமே இல்லாத தரவில்கூட, 55இல் இரண்டு மூன்று இணைகள் அந்த எல்லையைத் தாண்டுவது எதிர்பார்க்கத்தக்கதே. போன்ஃபெரோனி முறைப்படி ஐந்து விழுக்காட்டை 55ஆல் வகுத்தால் எல்லை சுமார் 0.56க்கு ஏறுகிறது. `mtcars` உறுதியான தரவு, அதன் முக்கியமான கட்டங்கள் இந்த எல்லையையும் தாண்டுகின்றன. கியர், மைலேஜ் இணையின் 0.60கூடத் தாண்டிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைக்கான திருத்தம் தற்செயலிலிருந்து மட்டுமே காக்கும், மறைந்திருக்கும் மூன்றாவது மாறியிலிருந்து காக்காது.

ஆனால் எல்லாத் தரவும் இவ்வளவு உறுதியாக இருக்காது. நடைமுறையில் வருவது பெரும்பாலும் வரிசைகள் குறைவாகவும் மாறிகள் அதிகமாகவும் உள்ள தரவு. 20 மாதக் கணக்கு, 40 குறியீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இணைகள் 780. முற்றிலும் தற்செயலான எண்களை நிரப்பி என்ன நடக்கிறது என்று நாமே பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng()
r = np.corrcoef(rng.normal(size=(40, 20)))
np.fill_diagonal(r, 0)
print(abs(r).max())
```

ஓட்டும் ஒவ்வொரு முறையும் விடை மாறும். ஆனால் பெரும்பாலும் 0.7ஐ ஒட்டியே வரும். ஒரு தொடர்பும் இல்லாத எண்கள், அவற்றில் 0.7! 780இல் ஐந்து விழுக்காடு என்றால் 39 கட்டங்கள் ‘பொருட்படுத்தத்தக்கவை’ ஆகிவிடுகின்றன. `20`ஐ `1000` என்று மாற்றினால் உச்சம் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். ஆக, 0.7 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருளில்லை. எத்தனை வரிசைகளிலிருந்து வந்தது, எத்தனை இணைகளிலிருந்து பொறுக்கப்பட்டது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அது வலுவா வெறும் இரைச்சலா என்று சொல்ல முடியும். மாதக் கணக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். காலத்தோடு ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு தொடர்களும் ஒன்றுக்கொன்று உறவில்லாமலேயே உயர்ந்த ஒட்டுறவைக் காட்டும். மேலே உள்ள நிரலின் எண்களில் அந்தப் போக்குகூட இல்லை.

கண்ணின் தேடலும் ஒரு சோதனைதான் என்பதை ஏற்பதில்தான் தயக்கம் இருக்கிறது. ‘நான் 780 சோதனை செய்யவில்லை, படத்தைப் பார்த்தேன், ஒன்றை மட்டுமே சோதித்தேன்’ என்பார்கள். படத்தைப் பார்த்த கணத்திலேயே மற்ற 779 இணைகளும் போட்டியில் கலந்துகொண்டு தோற்றுவிட்டன. வென்றதன் எண்ணில் அதன் உண்மையான வலுவோடு அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் பொறுக்கப்பட்ட இணை புதிய தரவில் ஏறக்குறைய எப்போதும் சுருங்குகிறது. முழுக்கத் தற்செயலில் வந்ததாக இருந்தால் பூச்சியத்தைச் சுற்றி விழும். உண்மை உறவாக இருந்தாலும் முதலில் கண்ட உயரத்தில் நிற்பது அரிது. பொறுக்கிய தரவிலேயே அந்த இணையின் p-மதிப்பைக் கணக்கிடுவது விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதுவது போன்றது. வரிசைகள் போதுமான அளவு இருந்தால் ஒரு பாதியில் பொறுக்கி மறுபாதியில் சோதிக்கலாம். போதாவிட்டால் புதிய தரவு வரும்வரை அதை ஒரு சந்தேகமாக மட்டும் குறித்துவைக்கலாம்.

போன்ஃபெரோனி கடுமையானது என்ற புகாரில் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான இணைகளில் அது உண்மையான உறவுகளையும் சேர்த்து அரித்துவிடும். முதற்கட்டத் தேடலுக்கு பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995இல் தந்த முறை பொருத்தமானது. தேர்ந்தெடுத்தவற்றில் எத்தனை விழுக்காடு பொய்யாக இருக்க விடலாம் என்று அதில் முன்பே தீர்மானிக்கிறோம்.

ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றுவதால் வரும் கேடு தனி. வெட்டி ஒட்டிய படத்தில் தரவின் அளவு இருக்காது, புள்ளிப்படம் இருக்காது. ஆன்ஸ்கோம்ப் 1973இல் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுப்புகளிலும் ஒட்டுறவு 0.82தான். ஒன்று இயல்பான சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டும் ஒரே ஒரு விலகிய புள்ளியால் உருக்குலைந்தவை. ஹீட்மேப்பில் நான்கும் ஒரே நிறம். நிறமும் ஏமாற்றக்கூடியது. `seaborn` நூலகத்தின் `heatmap`, எல்லை சொல்லாவிட்டால் தரவில் உள்ள மிகக் குறைந்த மதிப்பையே நிறப்பட்டையின் கடைசியாக எடுத்துக்கொள்ளும். அந்த மதிப்பு −0.2ஆக இருந்தால், அதற்குக் கிட்டத்தட்டக் கருநிறம் கிடைத்துவிடும். `vmin=-1, vmax=1, center=0, cmap="coolwarm"` என்று எழுதினால் இது தீர்ந்துவிடுகிறது.

விடுபட்ட மதிப்புகள்தான் இவற்றில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுபவை. `pandas`இன் `corr()`, ஒவ்வொரு இணைக்கும் இரண்டு மதிப்புகளும் உள்ள வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கட்டம் 900 வரிசைகளில் நிற்கலாம், பக்கத்துக் கட்டம் ஒன்பதில் நிற்கலாம். படத்தில் இரண்டும் ஒரே அளவுச் சதுரம். வரிசை குறைந்த கட்டங்களில்தான் ஒட்டுறவு தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால், வட்டமிடப்படுபவை அவையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். `corr(min_periods=30)` என்றால் 30 வரிசைகளுக்குக் குறைவான கட்டங்கள் காலியாகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் எத்தனை வரிசைகள் உள்ளன என்ற அணியையும் இரண்டே வரிகளில் பெறலாம். அதை ஹீட்மேப்பின் பக்கத்திலேயே ஒட்டி அனுப்ப வேண்டும், வட்டம் போடுபவர் முதலில் அதைப் பார்க்கட்டும்:

```python
m = df.notna().astype(int)
n = m.T @ m
```