மலைக்குளிரில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கொழும்பில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் பெரிய கூலரும் ஏசியும் வாங்கிப் பெறுகிற குளிர்ச்சியை, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருப்பவர் ஜன்னலைத் திறந்தே பெற்றுவிடுகிறார். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 டிகிரி அளவில்தான். கீழே 30 டிகிரியில் வேகும் அறையோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகை. ஆனால் அந்தச் சலுகையை எதில் செலவிடுவது என்பதில்தான் மலையகத்து இளைஞர்கள் பலர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் ஓவர்க்ளாக்கிங்கில் கொட்டிவிடுகிறார்கள். அது வீண்.

இங்கே சோதனைக்கு வந்தது டிக்கோயாப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், தகரக் கூரையின் கீழ் ஓடும் ஒரு டெஸ்க்டாப். ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், அதன் பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, கேஸில் மூன்று ஃபேன்கள். உரிமையாளரின் முறைப்பாடு இரண்டு. ராத்திரியில் ஃபேன் சத்தத்தால் பக்கத்து அறையில் தங்கச்சி தூங்க முடிவதில்லை. விளையாடும்போது ஒழுங்காக ஓடும் மெஷின், சும்மா கிடக்கும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இரண்டாவதற்கு வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கரண்ட் சரியில்லை.

முதலில் வெப்பம். HWiNFO64-ஐத் திறந்து வைத்துக்கொண்டு பிராசசரைப் பத்து நிமிடம் முழுவேகத்தில் ஓடவிட்டபோது அது 82 டிகிரியில் நின்றது. இந்த பிராசசருக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் உச்சவரம்பு 95 டிகிரி. அதனால் 82-ஐப் பார்த்து 'பிரச்சினையில்லை' என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லும் முன் அறையின் வெப்பநிலையைக் கழித்துப் பார்க்க வேண்டும். அன்று மாலை அறை 18 டிகிரி. ஆக, சிப் அறையைவிட 64 டிகிரி மேலே ஏறியிருக்கிறது. கூலரும் பேஸ்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் காட்டுவது இந்த 64தான். இதே மெஷினைக் கொழும்பில் 30 டிகிரி அறையில் வைத்தால் கணக்கு 94-க்குப் போய்விடும். குளிர் இந்த மெஷினின் கோளாறை மறைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை.

மலைக்காற்றில் இன்னொரு சங்கதியும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று லேசாகிறது. நுவரெலியாவின் 16 டிகிரிக் காற்று, கொழும்பின் 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஹட்டனில் இந்தக் குறைவு பத்தில் ஒரு பங்கு அளவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், வெப்பத்தைச் சுமந்துசெல்லும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. இதனால் குளிரில் கிடைத்த பன்னிரண்டு, பதினான்கு டிகிரியில் ஒரு சில டிகிரி திரும்பப் போய்விடும். மிச்சம் லாபமே.

அந்த 64-க்குக் காரணம் பேஸ்ட். கூலரோடு கம்பெனியிலிருந்தே பூசி வந்த சாம்பல் நிறப் பேஸ்ட், சில வருட ஓட்டத்தில் ஓரங்களில் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் உலோகம் தெரிந்தது. சிப்பின் மூடியும் கூலரின் அடித்தட்டும் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று நின்றால் வெப்பம் கடக்காது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரண்டு உலோகங்களும் விரிந்து சுருங்கிப் பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுக்கிவிடுகின்றன. மலையில் விடிகாலை 12 டிகிரியில் கிடந்த மெஷின் ராத்திரி 80-ஐத் தொடுகிறது என்றால், அந்த விரிவும் சுருக்கமும் அதிகம்.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசரின் ஊசிகள் அடிப்பக்கம் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொண்டால், கூலரை மேலே இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். ஊசி வளைந்தால் கதை முடிந்தது. அதனால் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, வயரைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்க்ரூக்களையும் மாறி மாறித் தளர்த்தி, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும். பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி இறுக்கினால் போதும். குளிர்காலைகளில் பேஸ்ட் கெட்டியாகி ட்யூபை விட்டு வர மறுக்கும். கொஞ்சநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் இளகிவிடும்.

மாற்றிய பின், அதே 18 டிகிரி அறையில், அதே பத்து நிமிட ஓட்டத்தில் 71 டிகிரி. ஏற்றம் 64-லிருந்து 53-க்கு இறங்கிவிட்டது. கடையில் விலை கூடிய பேஸ்டா, சாதாரணப் பேஸ்டா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வதில் அர்த்தமில்லை. நல்ல பேஸ்டுகளுக்கிடையே வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான். காய்ந்ததற்கும் புதியதற்கும் இடையிலுள்ள பதினொரு டிகிரிதான் பணத்துக்குப் பெறுமதி. கூலரைக் கழற்றியபோதே தகடுகளுக்கிடையே அடைந்திருந்த தூசியும் வெளியே வந்தது. விறகடுப்புப் புகை படியும் வீட்டில் இது வெறும் தூசியாக இருக்காது, எண்ணெய்ப் பசையாக ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது; பிரஷ் வேண்டும்.

அடுத்தது சத்தம். கொழும்பு வீட்டில் சீலிங் ஃபேன் ஓயாமல் சுற்றும்; அந்த இரைச்சலில் கம்ப்யூட்டரின் இரைச்சல் அமுங்கிவிடும். மலையகத்து வீட்டில் ஃபேன் கிடையாது. மழை விட்டால் ராத்திரி அத்தனை அமைதி, கம்ப்யூட்டர் மூச்சுவிட்டாலும் அடுத்த அறைக்குக் கேட்கும். இதைவிட எரிச்சலூட்டுவது, சத்தம் ஏறி ஏறி இறங்குவது. இந்த பிராசசரில் வெப்பம் பிறக்கும் சிப் ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர்தான். பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ஒரு நொடிக்குள் 38-லிருந்து 55-க்குத் தாவி, அடுத்த நொடி இறங்கிவிடும். பயாஸில் இருந்த வழக்கமான ஃபேன் கர்வ் அந்தத் தாவலையெல்லாம் நிஜமான சூடு என்று நம்பி ஃபேனை விரட்டியது.

கர்வ் என்பது இந்த டிகிரியில் ஃபேன் இத்தனை சதவீதம் சுற்ற வேண்டும் என்ற கோடுதான். அதை இப்படி மாற்றியாயிற்று: 62 டிகிரி வரை ஒரே மட்டமாக 35 சதவீதம், 75-ல் 65 சதவீதம், 85-ல் முழுவேகம். கூடவே, வேகம் ஏற்றுவதற்கு முன் மூன்று நொடி பொறுக்கும்படி தாமதமும். குளிர்ந்த அறை என்பதால்தான் மட்டக்கோட்டை 62 வரை இழுக்க முடிந்தது. முன்பு விளையாடும்போது 2,600 சுற்றில் நின்ற ஃபேன், இப்போது 1,800-க்கு அருகில் நிற்கிறது. ஃபேன் சத்தத்துக்கான வழக்கமான கணக்குப்படி இந்த வேகக் குறைப்பு ஏறத்தாழ 8 டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போலத்தான் இருக்கும்.

கேஸ் ஃபேன்களில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தந்தது. கேம் ஓடும்போது பெட்டிக்குள் வெப்பத்தைக் கொட்டுவது பிராசசரல்ல, 170 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டுதான். ஆகவே கேஸ் ஃபேன்களை ஃபேன்கண்ட்ரோல் செயலி மூலம் கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிட வேண்டும். கார்டு மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். ஃபேனும் அதற்கேற்ப நிதானமாக ஏறி இறங்கும்.

இனி ஓவர்க்ளாக்கிங். எல்லாக் கோர்களையும் 4.6 கிகாஹெர்ட்ஸில் பூட்டி 1.3 வோல்ட் கொடுப்பது பலரும் முயலும் வழி. முழுச்சுமையில் பிராசசர் தானாகவே 4.3 கிகாஹெர்ட்ஸ், 1.15 வோல்ட் அளவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் கோர்களின் வெப்பம் 37 சதவீதம் கூடிவிடும். 76 வாட்டில் ஓடிய பிராசசர் 98 வாட்டை நெருங்கும். அறைக்கு மேலான ஏற்றம் 53-லிருந்து 68 ஆகும். மாலையில் 18 டிகிரி அறையில் 86, சமாளிக்கலாம். தகரக் கூரை காயும் நண்பகலில் அறை 27-ஐத் தொட்டால் 95. அத்தனையும் எதற்காக? ஓரிரு கோர்களுக்கு வேலை இருக்கும்போது இந்த பிராசசர் தானாகவே 4.6 வரை ஏறும். இந்த மெஷினில் கேமின் வேகத்தைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு. கிடைப்பது சத்தம் மட்டுமே.

உரிமையாளர் எடுத்திருந்தது வேறு வழி, உண்மையில் நல்ல வழி: கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு கோருக்கும் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தால், அதே வாட்டில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும். ஒரு படி 3 முதல் 5 மில்லிவோல்ட். அவர் எல்லாக் கோருக்கும் ஒரேயடியாக −30 போட்டிருந்தார். முழுச்சுமைச் சோதனையில் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தது. ரீஸ்டார்ட் ஆனதெல்லாம் சும்மா கிடந்த நேரத்தில், அதுவும் விடிகாலைக் குளிரில்.

காரணம் இதுதான். முழுச்சுமையில் எல்லாக் கோர்களும் வேகம் குறைந்து ஓடும். அங்கே −30 போதும். சும்மா இருக்கும்போது ஏதோ ஒரு சிறு வேலைக்காக ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். சிப் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு தாராளமாகத் தாவும். அந்த வேகத்துக்குக் குறைத்துக் கொடுத்த மின்னழுத்தம் போதாமல் கணக்கு பிசகுகிறது. மலைக்குளிர் இந்தக் கோளாறைத் தணிப்பதில்லை, தூண்டிவிடுகிறது.

கரண்டா, கோரா என்பதை விண்டோஸின் ஈவன்ட் வியூவர் காட்டிக்கொடுக்கும். வெறும் Kernel-Power 41 மட்டும் இருந்தால் மின்சாரம் போயிருக்கலாம். அதோடு WHEA-Logger, Event ID 18 என்ற பதிவும் இருந்தால் பிராசசரைத்தான் பிடிக்க வேண்டும். இங்கே இரண்டாவதுதான் இருந்தது. பதிவில் `Processor APIC ID: 4` என்று காட்டியது. இரு த்ரெட்டுக்கு ஒரு கோர் என்பதால் இரண்டால் வகுத்தால் 2. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது கோர். அந்த ஒன்றை மட்டும் −15-க்கு ஏற்றி, கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் CoreCycler-ஐக் குளிரான ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் பிழை எதுவும் வரவில்லை. பொதுவாக, அதிக வேகத்துக்கு ஏறும் நல்ல கோர்களே குறைவான தள்ளுபடியைத் தாங்கும்.

மின்னழுத்தத்தைக் கூட்டும் பக்கம் போவோர் இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு நடந்ததை மறக்கக் கூடாது. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் சில்லுகள் நிரந்தரமாகக் கெட்டன. 2024 ஆகஸ்ட்டில் 0x129 என்ற மைக்ரோகோட் வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டதை அதனால் சரிசெய்ய முடியவில்லை. வெளியே எத்தனை குளிர் என்பது அந்தச் சேதத்தைத் தடுக்காது.

இந்த மெஷினுக்கு இப்போது தேவைப்படுவது புதிய கூலரல்ல. உரிமையாளர் வேலை தேடிக் கொழும்புக்கு இறங்கினால் மட்டும் நிலைமை மாறும். அங்கே 30 டிகிரி அறையில் 53-ஐக் கூட்டினால் 83. ஃபேன் முழுவேகத்தை நெருங்கிவிடும். போர்டிங் அறைக்குப் போகுமுன் நான்கு குழாய் வைத்த ஒரு டவர் கூலர் வாங்கிக்கொள்வதும், ஃபேன் கர்வின் மட்டக்கோட்டைப் புது அறைக்கேற்பத் திரும்பப் போடுவதும் அவசியம். −15, −30 என்ற கர்வ் ஆப்டிமைசர் எண்களை அப்படியே விட்டுவிடலாம். குளிரில் தேறிய அந்த அளவுகளை அங்கே பெரும்பாலும் குறைக்க வேண்டியிராது.