ஒரே வேடம், இரண்டு ஆள்

மாறுவேட விருந்துக்கு இருவர் ஒரே வேடத்தில் வந்துவிடுகிறார்கள்; ஆள் மாறிப்போகிறது. மேடையில் இருவரையும் நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். சிறுகதையிலோ எழுத்தாளர் சொன்னால்தான் இரண்டாவது ஆள் இருப்பதே தெரியும். எப்போது சொல்வது என்பதில்தான் இந்த வகைக் கதையின் சாமர்த்தியம் இருக்கிறது.

எட்கர் ஆலன் போ 1839இல் வெளியிட்ட 'வில்லியம் வில்சன்' கதையில் ஒளிவுமறைவே இல்லை. ரோம் நகரத் திருவிழாக்கால விருந்தில், நீல வெல்வெட் அங்கியும் கருஞ்சிவப்பு இடைப்பட்டியும் கறுப்புப் பட்டு முகமூடியுமாக வில்சன் நிற்கிறான். அதே உடுப்பில் இன்னொருவன் வந்து அவன் தோளைத் தொடுகிறான். இங்கே குழப்பம் இல்லை, அச்சம்தான் உண்டு.

ஆள் மாறாட்டத்தைக் கதையின் எலும்பாகவே ஆக்கியவர் அகதா கிறிஸ்டி. 1923இல் வந்த 'வெற்றி நடன விருந்து' துப்பறியும் கதையில் ஆறு பேர் பழைய இத்தாலிய நாடகப் பாத்திரங்களாக வருகிறார்கள். கிரான்ஷா பிரபு ஹார்லெக்வின், டேவிட்சன் பியரோ. பிரபுவைக் காணோம் என்று தேடும் நேரத்தில் ஹார்லெக்வின் மாடத்தில் நிற்பதைப் பார்க்கிறார்கள். சற்று நேரத்தில் அவர் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கிறார். ஆனால் உடல் அளவுக்கு மீறி விறைத்திருக்கிறது. சற்றுமுன் நின்றவர் அப்படி விறைக்க முடியாது. ஆகவே மாடத்தில் நின்றது வேறு ஆள். பியரோவின் தொளதொள உடைக்குள் இன்னொரு ஹார்லெக்வின் உடையை அணிந்து வந்திருந்தான் டேவிட்சன். மற்ற வேடங்களில் இன்னோர் உடையை இப்படி மறைக்க இடமில்லை. வாசகருக்கு ஆறு வேடங்களையும் கிறிஸ்டி முன்பே காட்டிவிடுகிறார். நாம் வேடங்களை எண்ணுகிறோம், உடைகளை எண்ணத் தவறுகிறோம். நேர்மையான ஏமாற்று வேலை.

எனக்கு இவற்றையெல்லாம் விடப் பிடித்தது பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் அலே 1890இல் எழுதிய 'பாரிஸ் நாடகம்' என்ற குறும்புக் கதை. அடிக்கடி சண்டையிடும் ரவூல், மார்கரீத் என்ற தம்பதிக்கு ஆளுக்கொரு மொட்டைக் கடிதம் வருகிறது. கணவன் டெம்ப்ளர் வீரனாகவும் மனைவி காங்கோப் படகாகவும் நடனத்துக்கு வருவார்கள் என்று சொல்கின்றன கடிதங்கள். நடனத்தில் வீரனும் படகும் சந்தித்துத் தனியறைக்குப் போய் முகமூடியைக் கழற்றுகிறார்கள். இருவரும் அலறுகிறார்கள். அவன் ரவூல் இல்லை. அவள் மார்கரீத்தும் இல்லை!

தம்பதி நடனத்துக்குக் கிளம்பினார்கள் என்று கதையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்த வேடங்களுக்குள் அவர்களை உட்கார வைத்தது நாம்தான். ஆக, ஒரு வீரன் தாளில் இருக்கிறான், இன்னொருவன் நம் தலைக்குள். இத்தோடு விடாமல், தம்பதி இந்தச் சம்பவத்திலிருந்து பாடம் கற்றுச் சண்டையை நிறுத்திவிட்டார்கள் என்றும் முடித்துவிடுகிறார் அலே. அங்கே இல்லாதவர்கள் எப்படிக் கற்றார்கள்? 1979இல் உம்பர்டோ எக்கோ இதைத் தன் வாசிப்புக் கோட்பாட்டு நூலில் அலசினார். அவருடைய விளக்கம் கதையைவிடப் பல மடங்கு நீளம்.