நியூட்ரலைத் தேடிய ஒன்றரை நிமிடம்

தனியாளாக வயரிங் வேலை செய்பவர்கள் போனில் எடுத்துப் போடும் ரீல்களை நான் விரும்பிப் பார்ப்பேன். பெரும்பாலானவை ஒரே அச்சு. முதலில் சிக்குப் பிடித்த ஒரு போர்ட், பாட்டு ஒரு சுற்று வந்ததும் பளபளவென்று புதுப் போர்ட், கடைசியில் போன் நம்பர். இடையில் கை என்ன செய்தது, மூளை எப்படி ஓடியது என்பது தெரியாது. புல்மோட்டையில் ஒருவர் போட்ட ஒன்றரை நிமிட ரீல் அந்த இடைப்பகுதியை மட்டுமே காட்டுகிறது. அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

படம் பிடிக்க உதவியாள் இல்லை. போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருக்கிறார். சுவரும் இரண்டு கைகளும்தான் தெரிகின்றன. பாட்டுப் போடாததால் ஸ்குரூ டிரைவர் திரும்பும் சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரப் பெண்ணின் குரல் மட்டும் வெளியிலிருந்து வருகிறது, முகம் இல்லை. அவருடைய வீட்டை ஊருக்குக் காட்டாமல் வேலையை மட்டும் காட்டிய அந்த அடக்கம் எனக்குப் பிடித்த முதல் விஷயம்.

பையைத் திறக்கும் முன்னரே காசைச் சொல்லிவிடுகிறார். "புல்மோட்டைக்குள்ள எங்க கூப்பிட்டாலும் வந்து பாக்க 1500 ரூபா. பிழை எங்க இருக்கு, என்ன செய்யணும் என்டு சொல்ற வரைக்கும் அதுக்குள்ள அடக்கம். திருத்துறதுக்குக் கூலி எவ்வளவு என்டு கண்டுபிடிச்ச பிறகு சொல்லுவன். ராத்தா சரி என்டாத்தான் கை வைப்பன். சாமானுக்குக் கடை பில்." ஐந்து வரி. "பாத்துக் குடுங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த ஐந்து வரி அந்த ரீலின் விளம்பரப் பகுதி என்று தோன்றலாம். பின்னால் வரும் வேலை அத்தனையும் இதன் மேல்தான் நிற்கிறது.

முறைப்பாடு இதுதான்: அயன் போட்டால் டிரிப் சுவிட்ச் விழுகிறது. சில நாள் மஃரிபுக்குப் பிறகு, அயன் போடாமலே விழுகிறது. அயனை மாற்றியும் பார்த்தாயிற்று.

டிரிப் சுவிட்ச் செய்வது ஒரு கணக்குப் பார்க்கும் வேலை. லைவ் வயரில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வயரில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வீடுகளில் போடுவது 30 மில்லிஅம்பியர் டிரிப். அந்த அளவுக்குக் குறைந்தால், கரண்ட் வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாக, நிலத்துக்குப் போகிறது என்று கருதி விழுந்துவிடும்.

இனி, எல்லாரும் செய்வதை அவரும் செய்கிறார். போர்டில் உள்ள சின்ன பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்து, முன்னறையில் அயனைப் போட்டுப் பார்க்கிறார். முன்னறை பிரேக்கரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்த பிறகும் டிரிப் விழுகிறது. "அப்ப அயன்ட பிழைதானே தம்பி?" என்கிறது வெளிக்குரல். அயனைத் தன் வண்டியில் கொண்டுவந்த இன்னொன்றால் மாற்றுகிறார். அப்போதும் விழுகிறது.

இந்த இடத்தில் ஒரு நொடி கைகள் இரண்டும் அசையாமல் நிற்கின்றன. அதை வெட்டாமல் விட்டிருக்கிறார். இதுதான் ரீலின் மையம். அவசரக்காரர் இங்கே "டிரிப் சுவிட்ச் பழுது, புதுசு போடணும்" என்பார். ஆயிரக்கணக்கில் போகும் ஒரு சாமான் விற்பனையாகும். சில நாள் விழாமலும் இருக்கும், பிறகு மறுபடி விழும். இவரோ, "பிரேக்கர் லைவைத்தான் வெட்டும் ராத்தா, நியூட்ரலை வெட்டாது. அணைச்சு வெச்ச லைன்லயும் நியூட்ரல் சேந்துதான் கிடக்கு" என்கிறார்.

சொன்னது முழுக்கச் சரி. சின்ன பிரேக்கர் ஒற்றைக் கம்பியைத்தான் பிரிக்கிறது. நியூட்ரல் வயர்கள் எல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில் முறுக்கப்பட்டு எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. பின்னறை லைனில் நியூட்ரல் எங்கேயோ எர்த்தோடு உரசிக்கொண்டிருந்தால், அந்த அறையின் பிரேக்கரை அணைத்தாலும் உரசல் உரசல்தான். முன்னறையில் 1000 வாட் அயன் போட்டால் நாலரை அம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். கம்பத்திலிருந்து வீடு வரை வரும் நியூட்ரலில் அதனால் ஒரு 2 வோல்ட் எழும்பலாம். உரசும் இடத்திலிருந்து எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும் பாதையின் தடை 40 ஓம் என்று வையுங்கள். இரண்டை நாற்பதால் வகுத்தால் 50 மில்லிஅம்பியர். டிரிப் விழ அது தாராளம். அயனில் குற்றமே இல்லை. திரும்பி வந்த கரண்டில் ஒரு துளி வழி மாறிப் போயிருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு அக்கம்பக்க வீடுகளில் விளக்கும் குக்கரும் போடும்போது அதே கம்பத்து நியூட்ரலில் வோல்ட் ஏறும். அயன் போடாமலே விழுந்ததற்குக் காரணம் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பிறகு தேடல். எல்லாப் பிளக்கையும் கழற்றச் சொல்கிறார். மெயின் சுவிட்சை அணைக்கிறார். அணைத்ததை நம்பிவிடவில்லை: டெஸ்டரை அணைப்பதற்கு முன் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்தார், இப்போது போர்டில் வைக்கிறார், திரும்பவும் மெயினுக்கு மேல் உள்ள உயிருள்ள முனையில் வைத்து டெஸ்டர் சாகவில்லை என்று உறுதி செய்கிறார். மூன்று தொடுகை, மூன்று செக்கனுக்குள். செத்த டெஸ்டரை நம்பிக் கை வைப்பது இந்தத் தொழிலின் பழைய ஆபத்து. மீட்டர் பக்கம் அவர் கை போகவே இல்லை; அதுவும் அதற்கு முந்திய வயரும் மின்சாரம் வழங்குபவர்களுக்குரியவை.

நியூட்ரல் பட்டையிலிருந்து வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய வெள்ளை டேப் ஒட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே மெகர் வைக்கிறார். 500 வோல்ட் அனுப்பிக் காப்பு எவ்வளவு என்று சொல்லும் கருவி அது. ஆகக் குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். முதல் மூன்றும் 200-ஐத் தாண்டுகின்றன. நாலாவது பூச்சியம்.

நாலாவது லைன் வீட்டுப் பின்சுவரில் உள்ள பிளக்குக்குப் போகிறது. அந்தப் பக்கம் கடல் காற்று நேரே அடிக்கும். இல்மனைட் மணலுக்குப் பேர்போன இந்தக் கரையில் சாதாரண இரும்புத் திருகாணி நெடுநாள் தாங்காது, உப்பு தின்றுவிடும். பிளேட்டைக் கழற்றியதும் கதை தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கத்துத் திருகாணி பழையது, துருவில் பாதியாகிவிட்டது. மறு பக்கம் யாரோ புதிதாகப் போட்டது, நீளம் இரண்டு மடங்கு. அதன் முனை பின்னால் மடங்கியிருந்த கறுப்பு வயரைத் துளைத்து இரும்புப் பெட்டியில் அமுக்கி வைத்திருக்கிறது. பெட்டி எர்த்தோடு சேர்ந்தது. பழைய வீட்டு வயரிங்கில் கறுப்புதான் நியூட்ரல். இப்போது வரும் வயரில் அது நீலம். துளைத்த முனையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டுகிறார். பிளேட்டைத் திறந்ததிலிருந்து இந்த நொடி வரை ஒரு வெட்டும் இல்லை. வெட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

காயப்பட்ட வயரை டேப் சுற்றி விடவில்லை. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, பெட்டிக்குள் மிச்சம் இருந்த நீளத்தில் புது முனை சீவுகிறார். செம்பு முனையம் வரைக்கும்தான். வெளியில் ஒரு இழைகூடத் தெரியாது. வெறுமனே கிடந்த எர்த் கம்பிக்குப் பச்சை-மஞ்சள் உறை போடுகிறார். இரும்புப் பெட்டிக்குப் பதில் பீவீசி பெட்டி, துருப்பிடிக்காத 3.5 மில்லிமீற்றர் திருகாணி, அளவான நீளம், மழைத் தண்ணி புகாத மூடி. பிளேட்டின் மேல் நீர்மட்டம் வைத்துப் பார்க்கிறார். கடைசியில் இரண்டு திருகாணியின் வெட்டும் நேர் செங்குத்தாக நிற்கும்படி முறுக்கி நிறுத்துகிறார். இப்படி நிறுத்தியதால் கரண்ட் நன்றாக ஓடப் போவதில்லை. ஆனாலும் அடுத்த தடவை யாராவது அந்தப் பிளேட்டைக் கழற்றியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். போர்டில் நியூட்ரல்களும் பிரேக்கர்களின் வரிசையிலேயே திரும்ப ஏறுகின்றன. நம்பர் டேப்பை அப்படியே விட்டுவைத்தது, பின்னால் வரப்போகும் வேறொரு வேலைக்காரருக்குச் செய்த மரியாதை.

மெகர் இப்போது 200-க்கு மேல். முன்னறையில் அயன் சிவப்பு விளக்கோடு நிற்கிறது.

கணக்கு ஒரு துண்டுக் கடதாசியில், படத்திலேயே. வந்து பார்த்தது 1500, கூலி 1200, சாமான் கடை பில்படி 1350, மொத்தம் 4050 ரூபா. டிரிப் சுவிட்ச் பழையதுதான், இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த 1500-ஐத்தான் நான் கடைசி வரை ரசித்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் நேரம் போனதெல்லாம் தேடுவதில். தேடுவது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குக் காசு கேட்க வழி இல்லாதவர், தெரிகிற சாமானில்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கும். பிழை டிரிப் சுவிட்சில்தான் என்று அவரே நம்பிக்கொள்வதும் சுலபம். பார்க்க வந்ததற்கே கூலி முடிவாகிவிட்டவருக்கு நாலு வயரைக் கழற்றி மெகர் வைக்கும் பொறுமை கிடைக்கிறது. வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டால் திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் தாண்டி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டிய ஊர் இது. அந்தத் தூரத்துக்கு என்ன கேட்பார்கள் என்ற பயத்திலேயே எத்தனையோ வீடுகளில் டிரிப்பைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டு வாழ்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

ரீலில் இரண்டு குறை உண்டு. முடிவில் டிரிப்பின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுந்ததும் "எல்லாம் ஓகே" என்கிறார். அந்தப் பட்டன் டிரிப்பின் இயந்திரம் வேலை செய்கிறது என்பதைத்தான் காட்டும். எர்த் கம்பி முறிந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் டிரிப் விழும், ஏனென்றால் அதன் சுற்று போர்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இந்த மணல் நிலத்தில், வைகாசிக்குப் பிறகான காய்ச்சலில், எர்த்தின் தடை எவ்வளவு ஏறுகிறது என்பதை அவர் தனியாக அளந்து காட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, அதே பிழை ஒரு கிழமைக்குள் திரும்ப வந்தால் மறுபடி 1500 உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. விட்டு விட்டு வரும் பிழைகளில் சண்டை வருவதே அந்த இடத்தில்தான். ஐந்து வரியை ஆறாக்கினால் போதும்.

உங்கள் வீட்டில் டிரிப் விழுந்தால், விழுந்த நேரத்தையும் அப்போது என்னென்ன போட்டிருந்தது என்பதையும் ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். வருகிற ஆளிடம், பார்க்கும் கூலியில் எது அடக்கம், திரும்ப வந்தால் என்ன என்ற இரண்டையும் வாசலிலேயே கேளுங்கள். பிரேக்கரை மட்டும் அணைத்துப் பார்த்துவிட்டுப் புது டிரிப் சுவிட்ச் வேண்டும் என்பவரிடம், நியூட்ரலைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.