கறையும் கெடுவும்: வாய் மருந்துகளின் காலக்கணக்கு

மருந்துக்கடையில் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே கேட்டு வாங்கப்படும் வாய் மருந்துகளில் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல், பல்வலிக்கு விழுங்கும் மாத்திரை, கிருமிநாசினி கலந்த மவுத்வாஷ் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இம்மூன்றும் சில நாட்களுக்கென்றோ, மிஞ்சினால் சில வாரங்களுக்கென்றோ வகுக்கப்பட்டவை. எனினும் எதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கடைக்காரர் சொல்லும் அளவுக்கு, எப்போது நிறுத்துவது என்பதை எவரும் சொல்வதில்லை. மவுத்வாஷ் ஒன்றுதான் அளவு கடந்த பயன்பாட்டைப் பற்களில் பழுப்புக் கறையாக எழுதிக் காட்டுகிறது. அக்கறையைக் கண்டு அஞ்சி அதைப் பாதியில் விட்டுவிடுவோர் பலர், கறை ஏதும் காட்டாத ஜெல்லையும் மாத்திரையையும் தயக்கமின்றி நீட்டித்துக்கொள்கின்றனர். ஆனால் அபாயத்தின் வரிசை பெரும்பாலும் இதற்குத் தலைகீழானது.

பல் மருத்துவர்கள் எழுதித் தரும் மவுத்வாஷ் பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்தைக் கொண்டது. 1970இல் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் வெளியிட்ட ஆய்வு, பல் துலக்குவதையே நிறுத்திவிட்டவர்களிடமும் 0.2 விழுக்காட்டுக் கரைசலில் 10 மில்லியைக் காலையும் இரவும் கொப்பளிக்கச் செய்தால் பற்படலம் படிவதில்லை என்று காட்டியது; பற்படலம் என்பது பல்லின் மேல் நுண்ணுயிர்கள் கூடி உண்டாக்கும் பிசுபிசுப்பான மென்படிவு, ஈறு வீக்கத்துக்கும் இரத்தக் கசிவுக்கும் அதுவே முதற்காரணம். கிருமிகளைக் கொல்லும் நீர்மங்கள் பல இருக்க, இதற்கு மட்டும் தனி இடம் கிடைத்ததற்குக் காரணம் அதன் கொல்லும் வலு அன்று, ஒட்டிக்கொள்ளும் இயல்பே ஆகும். இம்மருந்தின் மூலக்கூறு நேர்மின்னூட்டம் உடையது. எதிர்மின்னூட்டம் மிகுந்த பற்பரப்பிலும் வாயின் உட்தோலிலும் அது பற்றிக்கொண்டு, உமிழ்ந்த பின்னும் மணிக்கணக்கில் சிறிது சிறிதாக வெளிப்பட்டுச் செயல்படுகிறது. ஒரு நாளைக்கு இரண்டே முறை கொப்பளித்தால் போதும் என்பதன் அடிப்படை இதுதான்.

கறையின் அடிப்படையும் இதுவே. பல்லைப் பற்றிய மூலக்கூறு தன் மற்றொரு முனையால் தேநீர், காப்பி போன்றவற்றில் உள்ள நிறப்பொருள்களையும் பற்றி இழுத்துவைத்துக்கொள்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ள விளக்கம். ஆகவே கறை என்பது மருந்தில் கலந்த மாசும் அன்று, தயாரிப்பின் குறையும் அன்று. மருந்து பல்லில் நின்றது என்பதற்கான சான்று எனக்கூடச் சொல்லலாம். 'கறைபடியாதது' என்று விளம்பரப்படுத்தப்படும் குளோர்ஹெக்சிடின் தயாரிப்புகளைச் சற்று ஐயத்துடன் அணுக வேண்டியிருப்பதும் இதனால்தான்: ஒட்டும் தன்மையைக் குறைத்துக் கறையைத் தவிர்த்திருந்தால், மருந்தின் பயனும் கூடவே குறைந்திருக்கக்கூடும்.

இக்கறை பற்களின் இடுக்குகளிலும், ஈற்றோரத்திலும், பல் நிறத்தில் அடைத்த சிமெண்டின் விளிம்புகளிலும், நாக்கின் பின்பகுதியிலும் முதலில் தெரியும். சிலருக்கு ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்தால் போகாது. மருத்துவர் ஸ்கேலிங் செய்து பாலிஷ் போட்டால் பற்களிலிருந்து போய்விடும், ஆயினும் அடைப்புகளின் ஓரத்தில் ஊறிய நிறம் முழுமையாக நீங்காமல், அடைப்பையே மாற்ற நேரிடுவதும் உண்டு. இதைச் சொத்தை என மருண்டு, பொடியாலோ கரியாலோ அழுந்தத் தேய்ப்பவர் கறையைப் போக்காமல் பல்லின் மேற்பூச்சைத்தான் தேய்த்துக்கொள்கிறார்.

இம்மருந்தின் நிறையும் குறையும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு மாதிரி நேர்வைக் கொண்டு பார்க்கலாம். ஈற்றில் இரத்தம் கசிந்ததற்காக ஸ்கேலிங் செய்துகொண்ட நாற்பது வயதுக்காரர் ஒருவரிடம், 10 மில்லியை இருவேளையும் இரண்டு வாரம் கொப்பளிக்கும்படி சொல்லப்படுகிறது எனக் கொள்வோம். 150 மில்லி புட்டி ஒன்று இந்தக் கணக்கில் ஏழரை நாளுக்கு வரும். ஆகவே இரண்டாம் புட்டி தீரும்போது கெடுவும் தீர்ந்துவிடுகிறது, மூன்றாம் புட்டி வாங்கும் தேவையே எழக்கூடாது. அவரோ காலையில் எழுந்ததும் பேஸ்ட்டால் துலக்கி, உடனே மவுத்வாஷைக் கொப்பளித்து, எரிச்சலும் கசப்பும் போகத் தண்ணீரால் வாயைக் கழுவி, அடுத்த ஐந்து நிமிடத்தில் சூடான தேநீர் குடிக்கிறார். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இந்த வரிசைதான், இதில் ஒவ்வொரு படியும் பிழை. பேஸ்ட்டில் நுரை தருவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் எதிர்மின்னூட்டம் உடையதாதலால் குளோர்ஹெக்சிடினைக் கட்டிப்போட்டுச் செயலிழக்க வைக்கிறது. தண்ணீர் எஞ்சியதில் ஒரு பகுதியை அடித்துச் செல்கிறது. அதையும் மீறிப் பல்லில் நின்ற மருந்து தேநீரின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. பயன் பாதியும் கறை முழுதுமாக அவருக்குக் கிடைக்கிறது.

திருத்தம் கடினமானதன்று. துலக்கி நன்கு கழுவியபின் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, காலைத் தேநீரும் சிற்றுண்டியும் முடிந்த பிறகு, 10 மில்லியை ஒரு நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்து உமிழ்ந்து, அடுத்த அரை மணிக்குத் தண்ணீர் உட்பட எதையும் தவிர்ப்பது. இரவில் படுக்கைக்கு முன் மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்வது. காரம் தாங்காமல் தண்ணீர் கலந்துகொள்வோர் உண்டு. மருந்தின் பயன் செறிவைவிட மொத்த அளவையே பெரிதும் சார்ந்தது: 0.2 விழுக்காட்டில் 10 மில்லியும், அமெரிக்காவில் வழங்கும் 0.12 விழுக்காட்டில் 15 மில்லியும் ஏறத்தாழச் சமமான 20, 18 மில்லிகிராம் மருந்தையே தருகின்றன. எனவே முழு 10 மில்லியையும் நீரில் கலந்து முழுவதையும் கொப்பளிப்பது பெருந்தீங்கில்லை. புட்டி நீண்ட நாள் வரட்டும் என்று 5 மில்லியை நீரால் நிரப்புவதுதான் மருந்தைப் பாதியாக்குகிறது.

இரண்டாம் வாரத்தில் இரத்தக் கசிவு நின்றதைக் கண்டு அவர் மூன்றாம், நான்காம் புட்டியும் வாங்குவாரானால், கறையைவிடப் பெரிய இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. குளோர்ஹெக்சிடின் புதிதாகப் படலம் படிவதைத் தடுக்கிறதே தவிர, முன்பே தடித்துப் படிந்ததைக் கரைப்பதில்லை. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமாகிவிட்ட பைகளுக்குள் கொப்பளிக்கும் நீர் சென்று சேர்வதும் இல்லை. மேற்பரப்பு அடங்கியிருக்க உள்ளே எலும்பு தேய்வது தொடரக்கூடும். உப்பின் சுவை மழுங்குவதும், பற்காரை எனப்படும் சுண்ணாம்புப் படிவு மிகுவதும் நீண்ட பயன்பாட்டில் கூடவே வருபவை. அரிதாகச் சிலருக்கு இம்மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கியுள்ளதால், கொப்பளித்தபின் முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ அதை எரிச்சல் என்று கடந்துவிடக் கூடாது. இரண்டு முதல் நான்கு வாரம் என்ற பொதுவரம்பை, கை வலுவிழந்து துலக்க இயலாதோர், தாடையைக் கட்டிவைத்திருப்போர் போன்றோருக்காக மருத்துவரே தளர்த்துவது வேறு. தானாகத் தளர்த்திக்கொள்வது வேறு.

வாய்ப்புண் ஜெல்லுக்கு வந்தால் அடையாளக் கறை ஏதும் இல்லை. இவற்றில் பொதுவாகக் காணப்படுபவை ஆஸ்பிரினின் இனத்தைச் சேர்ந்த கோலின் சாலிசிலேட்டும், இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் அல்லது பென்சோகைனும் ஆகும். இவை வலியைத்தான் அடக்குகின்றன, புண்ணை விரைந்து ஆற்றுவதில்லை. சாதாரணச் சிறு வாய்ப்புண் ஜெல் தடவினாலும் தடவாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். உணவுக்குச் சற்று முன் சிறிதளவு தடவி, எரியாமல் சாப்பிட முடிவதே இவற்றின் உண்மையான பயன், அது சிறிய பயனும் அன்று. ஆனால் சாலிசிலேட் வாயின் தோல் வழியே உடலுக்குள் செல்லும் என்பதால், 2009இல் பிரிட்டன் 16 வயதுக்குட்பட்டோருக்குக் கோலின் சாலிசிலேட் ஜெல் வேண்டாம் என்றது. இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குலைக்கும் அரிய விளைவு காரணமாக, 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பென்சோகைன் கூடாது என்றது. பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றில் பெரியவர்களின் ஜெல்லைத் தடவும் வழக்கத்துக்கு இவ்விரண்டுக்குப் பின் நியாயம் இல்லை.

பெரியவர்களிடம் பிழை வேறுவிதமானது. கூரான பல்முனையோ உடைந்த பல்செட்டோ உரசும் இடத்தில் புண் ஆறாமலிருக்க, ஜெல் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கிவிடுகிறது. வெற்றிலை பாக்கும் புகையிலையும் மெல்வோரின் நாக்கோரத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ தொடங்கும் புற்றுநோய்ப் புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. சிறிது எரிந்தாலும் ஜெல் அதையும் அடக்கிவிடும். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், விளிம்பு தடித்துத் தொட்டால் கெட்டியாக இருக்கும் புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவற்றுக்கு ஜெல் தடவும் காலம் முடிந்துவிட்டது, சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கும் காலம் வந்துவிட்டது.

பல்வலி மாத்திரை இம்மூன்றிலும் மிக நன்றாக வேலை செய்வது, அதனாலேயே மிகுதியாக ஏமாற்றுவது. சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவே உள்ள கூழ்ப்பகுதியை, அதாவது நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய உயிர்ப்பகுதியை எட்டும்போது அங்கு அழற்சி உண்டாகிறது. சுற்றிலும் கெட்டிச்சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி அழுத்தம் ஏறுகிறது, குளிர்நீர் பட்டால் வலி விண்ணென்று தெறித்து நெடுநேரம் நிற்கிறது, இரவில் படுத்தால் கூடுகிறது. ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமாலும் சேர்ந்து இவ்வலியை அடக்குவதில் வலிமையானவை. ஆன்டிபயாடிக் மாத்திரையோ இந்தக் கட்டத்தில் வலியைக் குறைப்பதில்லை. பல்வலிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் கீட்டோரோலாக்கின் கெடு இன்னும் குறுகியது: ஐந்து நாளுக்கு மேல் கூடாது, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற அதே இனத்து மாத்திரையோடு சேர்க்கவும் கூடாது, ஏனெனில் வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தப் போக்கும் சிறுநீரகப் பாதிப்பும் அவ்வழியே வருகின்றன. வெவ்வேறு பெயர் அச்சிட்ட இரண்டு அட்டைகள் ஒரே இனத்தவையாக இருக்கலாம் என்பதை அட்டையின் பின்புறத்தைப் படிப்பவரே அறிவார். ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லருகே அடக்கிவைத்துக்கொள்ளும் பழக்கமோ வலியைத் தணிக்காமல், ஈற்றை வெந்து வெளுத்துப்போகச் செய்கிறது.

நான்கைந்து நாள் மாத்திரையில் ஓட்டியபின் வலி திடீரென்று நின்றுவிடுவது உண்டு. மாத்திரை கேட்டுவிட்டது என்று எண்ணப்படும் அந்த நாளில் உண்மையில் பெரும்பாலும் நிகழ்ந்திருப்பது கூழ்ப்பகுதியின் இறப்பு. உணர நரம்பில்லாததால் வலியில்லை, தொற்றோ வேரின் நுனி வழியே எலும்புக்குள் இறங்குகிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ கடித்தால் வலி, ஈற்றில் சீழ்க்கொப்புளம் என அது திரும்பி வரும்போது, வேர்ச்சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் வழி. தாடைக்குக் கீழே வீக்கம் பரவி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவும் சிரமப்பட்டால், மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று இன்னொரு மாத்திரையைப் போட்டுக் காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் அந்த வீக்கம் மூச்சுப்பாதையை நெருக்கக்கூடியது.