பதிப்பு எண் தரும் உறுதி எதுவரை?

ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய லைப்ரரிகளின் பதிப்பை இரண்டு விதமாகக் குறித்து வைக்கலாம். ‘3.3.4 மட்டும்’ என்று ஒரே எண்ணில் பூட்டுவது ஒன்று. ‘3.3.4 அல்லது அதற்குப் பின் வந்தது, 4.0.0-க்குள் இருந்தால் எதுவானாலும் சரி’ என்று வரம்பு மட்டும் சொல்வது மற்றொன்று. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் பேக்கேஜ் மேனேஜரான `npm`, 2014 முதல் இரண்டாவது முறையையே தானாக எழுதிவைக்கிறது. ஒரு லைப்ரரியைச் சேர்த்தால் எண்ணுக்கு முன்னால் `^` குறி தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்:

```json
"dependencies": {
  "event-stream": "^3.3.4"
}
```

இந்தக் குறிக்கு அடிப்படை, டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய செமாண்டிக் வெர்ஷனிங் விதிமுறை. மூன்று எண்களில் கடைசி எண் ஏறினால் பிழைதான் திருத்தப்பட்டிருக்கிறது. நடு எண் ஏறினால் புது வசதி சேர்ந்திருக்கிறது, பழையது எதுவும் உடையவில்லை. முதல் எண் ஏறினால் பழைய நிரல் உடையக்கூடும். இதை நம்பித்தான் வரம்பு முறைக்கு ஆதரவு திரட்டப்படுகிறது. முதல் எண் மாறாதவரை புதிய பதிப்பு எதுவும் பாதுகாப்பானது, பிழைத்திருத்தங்கள் கேட்காமலே வந்து சேரும், பூட்டி வைப்பவர் பழைய ஓட்டைகளோடு தேங்கிப்போவார் என்பது அந்த வாதம்.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் `log4j` லைப்ரரியில் பெரிய ஓட்டை வெளிப்பட்டபோது, பழைய எண்ணில் நின்றுபோன நிறுவனங்கள் மாதக்கணக்கில் ஆபத்தில் இருந்தன. மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்காகவே எழுதப்படும் லைப்ரரிக்கு வரம்பு தேவை என்பதும் சரியே. பைத்தானில் ஒரு சூழலில் ஒரு லைப்ரரிக்கு ஒரே பதிப்புதான் இருக்க முடியும். இரண்டு லைப்ரரிகள் மூன்றாவது ஒன்றை வெவ்வேறு எண்களில் இறுக்கிக் கட்டினால் இரண்டையும் சேர்த்து நிறுவவே முடியாது. இந்த அளவுக்கு வரம்பை ஏற்கலாம். இறுதியாக ஓடப்போகும் மென்பொருளுக்கும் அதே முறை பொருந்தும் என்பதைத்தான் ஏற்க முடியாது.

அதற்குக் காரணம் பதிப்பு எண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. 3.3.5 என்ற எண்ணை இடுவது லைப்ரரியை எழுதியவர். ‘நான் எதையும் உடைக்கவில்லை’ என்று அவர் நினைக்கிறார் என்பதைத் தவிர அந்த எண் வேறு எதையும் சொல்வதில்லை. `npm` அதைச் சரிபார்ப்பதில்லை. எண் பெரிதா சிறிதா என்று மட்டும் பார்க்கிறது. வரம்பு எழுதியவரோ, இன்னும் எழுதப்படாத நிரலை, யார் எழுதப்போகிறார் என்றுகூடத் தெரியாமல், முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்.

எழுதியவர் நேர்மையானவராக இருந்தாலும் இது தவறலாம். பைத்தானின் `cryptography` லைப்ரரி 2021 பிப்ரவரியில் 3.3 வரிசையிலிருந்து 3.4-க்கு ஏறியது. அதை அழைக்கும் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு பகுதி ரஸ்ட் மொழிக்கு மாறியிருந்ததால், லைப்ரரியை மூலத்திலிருந்து கட்டுபவர்களுக்கு ரஸ்ட் கம்பைலர் தேவைப்பட்டது. ஆல்பைன் லினக்ஸுக்கு அப்போது முன்கூட்டியே கட்டிய கோப்பு கிடையாது. அதன்மேல் கன்டெய்னர் கட்டிக்கொண்டிருந்தவர்களின் பில்ட், அவர்கள் தங்கள் நிரலில் எதையும் தொடாத ஒரு நாளில், திடீரென்று நின்றது. அழைக்கும் முறை மாறவில்லை என்பதால், செமாண்டிக் வெர்ஷனிங் கணக்கில் பார்த்தாலும் நடு எண்ணை ஏற்றியது குற்றமில்லை. அந்தத் திட்டம் அந்த விதிமுறையைப் பின்பற்றவும் இல்லை. அடுத்த பெரிய பதிப்புக்கு 35.0 என்று எண்ணிட்டு அதைத் தெளிவாக்கியது. எண்ணில் புள்ளிவைத்த இலக்கங்கள் தெரிந்தாலே பின்னால் ஓர் ஒப்பந்தம் இருப்பதாகக் கருதியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் பெயரால் வழங்கும் ஒரு விதி இதை விளக்கும். போதிய அளவு பயனர்கள் சேர்ந்துவிட்டால், ஆவணத்தில் இல்லாத நடத்தையைக்கூட யாரோ ஒருவர் நம்பியிருப்பார். பிழையும் ஒரு நடத்தைதான். அதைத் திருத்துவது நூறு பேருக்கு நன்மையாகவும் பிழைக்கு ஏற்றபடி நிரல் எழுதிவைத்த ஒருவருக்கு உடைப்பாகவும் முடியும். எந்த எண்ணை ஏற்றுவது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை ஒன்று இல்லை.

எழுதியவரின் எண்ணம் கெட்டதாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018-இல் நடந்த `event-stream` விவகாரம் காட்டியது. வாரத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் முறை தரவிறக்கப்பட்ட லைப்ரரி அது. அதை எழுதியவருக்கு ஆர்வம் விட்டுப்போயிருந்தது. உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். புதியவர் செப்டம்பர் 9 அன்று 3.3.6 பதிப்பை வெளியிட்டார். அதில் `flatmap-stream` என்ற புதிய சிறு லைப்ரரி ஒன்று `^0.1.0` என்ற வரம்போடு சேர்க்கப்பட்டிருந்தது. அப்போது அதில் தீங்கு எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்த 4.0.0-இல் அந்த லைப்ரரி நீக்கப்பட்டிருந்தது. எனவே, புதிய பதிப்பின் நிரலைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் சந்தேகப்பட எதுவும் படாது. ஆனால் `^3.3.4` என்றோ `~3.3.0` என்றோ எழுதியிருந்தவர்கள் 4.0.0-க்குப் போக மாட்டார்கள். வரம்பு அவர்களை 3.3.6-இலேயே நிறுத்திவைத்தது.

அக்டோபர் 5 அன்று `flatmap-stream` 0.1.1 வெளியானது. நச்சு நிரல் இருந்தது அதில்தான். `^0.1.0` என்ற வரம்புக்குள் 0.1.1 அடங்கும் என்பதால், `event-stream`-இல் ஓர் எழுத்தும் மாறாமலே அது உள்ளே நுழைந்தது. கிட்ஹப்பில் இருந்த மூலத்தில் அந்த நிரல் இல்லை. `npm`-இல் ஏற்றப்பட்ட, சுருக்கப்பட்ட கோப்பில் மட்டும் இருந்தது. அது மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. திறக்கும் சாவி, கோபே என்ற பிட்காயின் பணப்பை செயலியின் விவரக் குறிப்பு வரி. வேறு திட்டங்களுக்குள் போனால் அது திறக்காமல் சும்மா கிடக்கும். கோபேக்குள் மட்டும் திறந்துகொண்டு, பெரிய இருப்பு வைத்திருப்பவர்களின் சாவிகளைத் திருடும். நவம்பர் பிற்பகுதியில்தான் இது வெளியே தெரிந்தது. நச்சு நிரல் பயன்படுத்திய `crypto.createDecipher` என்ற வசதியை நோட் கைவிடத் தொடங்கியிருந்ததால், சம்பந்தமே இல்லாத ஒரு கருவியை ஓட்டியவர்களின் திரையில் எச்சரிக்கை வரி வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று துருவியபோது விஷயம் அகப்பட்டது.

இதில் எந்த விதியும் மீறப்பட்டதாக `npm` கண்டுபிடித்திருக்க முடியாது. 3.3.6 என்பது ‘பிழைத்திருத்தம் மட்டும்’ என்று சொல்லும் எண், 0.1.1-உம் அப்படியே. நம்பிக்கையைக் குறிக்க வைத்த எண்ணே நுழைவுச் சீட்டாகப் பயன்பட்டது. `event-stream`-ஐ `~3.3.0` என்று கேட்டுக்கொண்டிருந்த `ps-tree`, இதற்குப் பிறகு வெளியிட்ட பதிப்பில் `=3.3.4` என்று எழுதிக்கொண்டது. வரம்பு பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் அந்தச் சமக் குறியைவிடச் சுருக்கமானது இல்லை.

இதற்கான மாற்று 2017-இலேயே `npm` 5-உடன் வந்துவிட்டது என்று வரம்பின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். `package-lock.json` என்ற லாக் ஃபைல், நேரடியாகக் கேட்ட லைப்ரரிகளையும் அவற்றின் கீழே வருபவற்றையும் ஒவ்வொன்றாகச் சரியான எண்ணோடு குறிக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷையும் சேர்த்து வைப்பதால், அதே எண்ணில் வேறு கோப்பு வந்தால் நிறுவல் நின்றுவிடும். எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது அதில் இல்லை. சோதித்து ஓட்டிய கோப்பு எது என்பது இருக்கிறது. செப்டம்பர் 9-க்கு முன் எழுதிய லாக் ஃபைலைத் தொடாமல் வைத்திருந்தவர்களை 3.3.6 நெருங்கவே இல்லை.

ஆனால் பூட்டு இருந்தும் கதவு திறந்துகிடக்கும் இடங்கள் உண்டு. `package.json`-உம் லாக் ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் `npm install` சத்தமில்லாமல் லாக் ஃபைலை மாற்றி எழுதும். `npm ci` அப்படிச் செய்யாது. பொருந்தவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். பில்ட் சர்வரில் முதல் கட்டளையை வைத்திருக்கும் திட்டம், பூட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். லைப்ரரியை வெளியிடும்போது அதன் `package-lock.json` கூடவே போவதில்லை என்பது இன்னொன்று. கட்டளைவரிக் கருவி ஒன்றை நேரடியாக நிறுவுபவருக்கு, அதன் ஆசிரியர் சோதித்த பதிப்புகள் கிடைப்பதில்லை. அந்த நிமிடத்தில் வரம்புக்குள் எது புதிதோ அதுவே கிடைக்கிறது.

பாதுகாப்புத் திருத்தம் தானாக வரும் என்ற வாதமும் இங்கேதான் தடுமாறுகிறது. திருத்தம் வரும் அதே வாசல் வழியாகத்தான் நச்சும் வருகிறது. எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. 2025 செப்டம்பர் 8 அன்று `chalk` 5.6.1, `debug` 4.4.2 ஆகிய பதிப்புகள் திருடப்பட்ட கணக்கு வழியாக நச்சு நிரலோடு வெளியாயின. இரண்டிலும் ஏறியது கடைசி எண்தான். சில மணி நேரத்தில் அவை நீக்கப்பட்டுவிட்டன. அந்தச் சில மணி நேரத்தில் பூட்டில்லாமல் புதிதாக நிறுவியவர்களுக்குத்தான் ஆபத்து. ஒரு நாள் தாமதித்திருந்தாலே தப்பியிருக்கலாம். புதியது உடனே வருவதை வரமாகச் சொல்லும் வாதத்தில் இந்தக் கணக்கு சேர்க்கப்படுவதில்லை.

உடனடிப் புதுமை இல்லாமல் பேக்கேஜ் மேனேஜர் இயங்க முடியாது என்பதும் உண்மையில்லை. 2018-இல் ரஸ் காக்ஸ் கோ மொழிக்கு வடிவமைத்த முறை, எல்லா லைப்ரரிகளும் கேட்கும் குறைந்தபட்ச எண்களில் எது பெரியதோ அதை மட்டும் எடுக்கிறது. யாராவது ஒருவர் தன் `go.mod` கோப்பில் எண்ணை ஏற்றும்வரை, நேற்று வெளியான பதிப்பு எந்தத் திட்டத்துக்குள்ளும் வராது. கோ உலகம் இதனால் பழமையில் மூழ்கிப்போய்விடவில்லை.

பூட்டுவதால் வேலை கூடுகிறது என்பது மறுக்க முடியாதது. பூட்டிய பதிப்பை யாராவது ஏற்ற வேண்டும். ஏற்றும்போது லாக் ஃபைலில் என்ன மாறியது, புதிதாக எந்தப் பெயர் வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். புதிய பதிப்புக்குச் சில நாள் வயதாகும்வரை பொறுத்து, சோதனைகளை ஓட்டி, தனி மாற்றமாகச் சேர்க்க வேண்டும். அவசர ஓட்டை என்றால் அதே வேலையை அன்றே செய்ய வேண்டும். வரம்பு முறையில் இந்த வேலை மறைவதில்லை. பில்ட் உடைந்த பிறகோ, சாவி திருடுபோன பிறகோ செய்யும்படி தள்ளிப்போடப்படுகிறது. ஓடுகிற மென்பொருளில் என்ன மாறலாம், எப்போது மாறலாம் என்பதை அதற்குப் பொறுப்பானவர் தீர்மானிக்க, லாக் ஃபைலும் `npm ci`-யும் போதும். `^` குறியோடு நின்றுவிடும் திட்டத்தில் அந்த முடிவு, வெளியிடும் உரிமை அன்று யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய்விடுகிறது.