வலது பக்கம் இருந்த பொத்தான்

பழைய போனிலிருந்து புது போனுக்கு மாறுவது பத்து நிமிட வேலை என்கிறார்கள். இருக்கலாம். திரையில் வரும் கேள்விகள் நமக்குப் புரிகிற மொழியில் வந்தால்.

நம் ஊரில் பாதிப் பேர் அந்தக் கேள்விகளைப் படிப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? வார்த்தையை விட்டுவிட்டு இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கீழே வலது மூலையில் இருப்பது ‘மேலே போ’. இடது மூலையில் இருப்பது ‘வேண்டாம், தாண்டு’. மொபைல் கடைப் பையன் ஒரு தடவை கண் முன்னால் அமுக்கிக் காட்டியிருப்பான். அதுதான் பாடத்திட்டம். ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கில போனை வருஷக்கணக்கில் ஓட்டுகிற ரகசியம் இதுதான்.

இந்த ரகசியம் காலை வாரிவிட்ட கதை ஒன்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம். ரியாத்தில் பதினேழு வருஷம் ஒரு வீட்டில் டிரைவர் வேலை. ஊருக்குக் கிளம்பும்போது முதலாளி, தான் வைத்திருந்த நல்ல ஆண்ட்ராய்ட் போனைச் சுத்தமாக அழித்துக் கையில் கொடுத்தார். அங்கேயே யாரோ அதை அரபியில் துவக்கி வைத்துவிட்டார்கள். இவர் அரபி சரளமாகப் பேசுவார். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கல்லூரியில் படிக்கும் மகன், “குடுங்கப்பா, நான் மாத்தித் தரேன்” என்று வாங்கினான்.

சிம்மை மாற்றினான். அப்பாவின் கூகுள் கணக்கைப் போட்டான். வாட்ஸ்அப்பை இறக்கி, நம்பரைக் கொடுத்தான். எஸ்.எம்.எஸ்ஸில் ஆறு இலக்க எண் வந்தது. பிறகு ஒரு திரை. ஒரு தேதி, ஒரு அளவு, இரண்டு பொத்தான்கள். ஒன்றில் استعادة என்றிருந்தது, இன்னொன்றில் تخطي. பையன் வழக்கம்போல வலது பக்கத்தை அமுக்கினான்.

அரபி வலமிருந்து இடமாக எழுதும் மொழி. போனில் அரபியை வைத்தால் எழுத்து மட்டுமல்ல, திரையே கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொள்ளும். நமக்கு வலது மூலையில் இருக்கும் ‘மேலே போ’ அங்கே இடது மூலையில் இருக்கும். பின்னால் போகிற அம்புக்குறிகூட வலது பக்கம் பார்க்கும். அரபி படிப்பவர்களுக்கு அதுதான் இயல்பு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பையன் அமுக்கியது ‘மீட்டுக்கொடு’ இல்லை. ‘தாண்டு’.

வாட்ஸ்அப் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

“போனா போகுது, பழைய சாட்தானே?” என்று கேட்பீர்கள். அவருடைய அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேரனை விட்டு மைக் பொத்தானை அமுக்கச் சொல்லி, ரியாத்தில் இருந்த மகனிடம் தினம் பேசி அனுப்பியிருக்கிறார். சாப்பிட்டியா, வெயிலா இருக்கா, மாடு கன்னு போட்டிருச்சு. போன வருஷம் தவறிவிட்டார். அந்தக் குரல் இருந்தது அங்கே மட்டும்தான்.

என் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்தக் கம்பெனி என்றெல்லாம் பெயர் சொல்லப் போவதில்லை. எல்லோரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான்.

புது போனைத் துவக்கும்போது ‘ஸ்கிப்’ என்ற பொத்தான் எத்தனை முறை வருகிறது, எண்ணிப் பாருங்கள். கைரேகை வைக்கிறாயா, ஸ்கிப். மெயிலில் விளம்பரம் அனுப்பவா, ஸ்கிப். எல்லாமே பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடியவை. தாண்டினால் நஷ்டம் கிடையாது. இப்படிப் பத்து முறை பழக்கிவிட்டு, பதினோராவது முறை அதே வார்த்தையை, அதே எழுத்தில், ஆறு வருஷப் பேச்சுக்கு முன்னால் வைக்கிறார்கள். பேக்கப்பை மீட்கிறாயா என்ற கேள்வியை வாட்ஸ்அப் நம்பரைச் சரிபார்த்தவுடன் கேட்கும். தாண்டிவிட்டால், ‘இப்போது மீட்டுக்கொடு’ என்று உள்ளே போய் அமுக்க ஒரு மெனு கிடையாது. ஆப்பை நீக்கி, மறுபடி நிறுவி, அதே கேள்வி வரும் இடம் வரை போயாக வேண்டும்.

அதற்கும் ஒரு கெடு உண்டு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் போய் உட்கார்கிறது. அதே கணக்கு, அதே நம்பரில் அடுத்த பேக்கப் எடுத்தால், முந்தையதன் மேலேயே எழுதிவிடும். தாண்டிய கையோடு ‘தினமும் பேக்கப்’ என்று வேறு வைத்துவிட்டீர்கள் என்றால், ராத்திரி நீங்கள் தூங்கும்போது காலியான புதுப் பெட்டி போய், நிறைந்த பழைய பெட்டியின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் விவரம் தெரிந்தவரைக் கூட்டி வந்து பிரயோஜனம் இல்லை.

சரி, தமிழில் வைத்துக்கொண்டால் பிரச்னை தீர்ந்ததா? ஓரளவுக்கு. பல போன்களில் ‘ரீசெட்’ என்பதற்குத் தமிழில் ‘மீட்டமை’ என்று போட்டிருக்கிறார்கள். மீட்பது என்றால் நமக்கு என்ன அர்த்தம்? அடகு வைத்த நகையை மீட்பது. போனது திரும்பி வருவது. ரீசெட் செய்வதோ நேர் எதிர். இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, கடையில் வாங்கிய நிலைக்குக் கொண்டு போவது. தொலைந்த சாட்டைத் தேடி செட்டிங்ஸுக்குள் போகிற ஒருவர் ‘மீட்டமை’ என்ற வார்த்தையைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் அமுக்குவார். ‘எல்லாவற்றையும் அழி’ என்று எழுத எத்தனை எழுத்து கூடிவிடப் போகிறது? புரியாத மொழியை விட, புரிந்தது போல இருக்கும் மொழி ஆபத்தானது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். நல்லவேளை, அன்று சாயங்காலமே போன் செய்தான். “சார், அப்பத்தா வாய்ஸ் எதுவுமே இல்ல சார். அப்பா பேசவே மாட்டேங்கிறாரு.”

முதலில் சொன்னது, பழைய போனைத் தொடாதே. நம்பர் புது போனுக்கு மாறியவுடன் பழைய போனில் வாட்ஸ்அப் கணக்கு வெளியேறிவிடும், ஆனால் அதன் வயிற்றில் இருப்பது உடனே அழிந்துவிடாது. தினசரி நகல்கள் அந்த போனிலேயே ஒரு வாரம் வரைக்கும்கூட இருக்கும். அதை விற்பதோ, அழித்துத் தங்கச்சிக்குக் கொடுப்பதோ இப்போது கூடாது.

இரண்டாவது, புது போனில் பேக்கப் ஓடுவதற்கு முன் வாட்ஸ்அப்பை நீக்கு.

மூன்றாவது, மறுபடி நிறுவுவதற்கு முன்னால் போனின் மொழியை மாற்று. தெரியாத மொழியில் இருக்கும் போனில் மொழி மெனுவைத் தேடுவது எப்படி? பல்சக்கரம் போட்ட ஐகான் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். உள்ளே கடைசிப் பக்கம் இறங்கினால் சிஸ்டம் பகுதி. அதில் உலக உருண்டையோ, இரண்டு எழுத்துகள் சேர்ந்த படமோ இருக்கும். அதற்குள் மொழிப் பட்டியல். அங்கே ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். அரபிக் கூட்டத்துக்கு நடுவிலும் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதியிருக்கும். அந்தப் பட்டியலை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு. படிக்க முடியாதவன் நிலைமையை யோசித்துச் செய்த ஒரே திரை அதுதான்.

அரை மணி நேரத்தில் மறுபடி அழைத்தான். “சாட் வந்திருச்சு சார். ஆனா வாய்ஸ் ஓட மாட்டேங்குது.” அது தவறில்லை. முதலில் எழுத்து வரும். குரலும் படமும் பின்னாலேயே ஒவ்வொன்றாக இறங்கும். வைஃபையில் போட்டுவிட்டுக் காத்திரு என்றேன். இரவு பத்து மணிக்கு அப்பத்தா பேசினார்.

இன்னொரு விஷயம் இருந்தது. புது போனில் தொடர்பு எண்கள் 187தான் இருந்தன. பழையதில் 412. பி.காம் படித்தவனுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கும். பழைய கணக்கின் இறுதி இருப்பும், புதுக் கணக்கின் ஆரம்ப இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. மாற்றித் தரும் ஆப்கள் இந்த ஒப்பீட்டைக் காட்டாமல், பச்சை டிக் அடித்து ‘முடிந்தது’ என்று சொல்லிவிடுகின்றன. எந்தக் கணக்கப்பிள்ளையும் இப்படிச் செய்துவிட்டு வேலையில் நீடிக்க முடியாது.

விட்டுப்போன 225 எங்கே? காண்டாக்ட்ஸ் ஆப்பில் எந்தக் கணக்கில் சேமித்தது என்று பிரித்துப் பார்க்கலாம். கூகுளில் இருந்தவை 187. அவை தானாக வந்துவிட்டன. போன் மெமரியில் மட்டும் 143. சிம்மில் 82. மூன்றையும் கூட்டினால் 412. கணக்கு நேராகிவிட்டது. புது எண்ணைச் சேமிக்கும்போது ‘எங்கே சேமிக்க, போனிலா, சிம்மிலா, கூகுளிலா’ என்று என்றோ கேட்டிருக்கும். அதுவும் புரியாத மொழியில். முதலில் இருந்ததை அமுக்கியிருப்பார்.

போன் மெமரியில் இருப்பதைப் பழைய போனிலிருந்து ஒரே .vcf கோப்பாக ஏற்றுமதி செய்து, புளூடூத்தில் அனுப்பி, புதியதில் திறந்தால் போதும், சேர்ந்துவிடும். சிம்மில் இருப்பது சிம்மோடு வந்துவிட்டது, அதை இறக்குமதி செய்தால் சரி. ஆனால் சிம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கினாலோ, இ-சிம்முக்கு மாறினாலோ அந்த 82 வராது. அதனால் இரண்டையும் கூகுள் கணக்குக்கே கொண்டு போகச் சொன்னேன்.

எல்லாமே இப்படி மீட்கக்கூடியது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டோ, 64 இலக்கச் சாவியோ வைத்துப் பூட்டியிருந்து, அது மறந்துபோனால் யாராலும் திறக்க முடியாது. கூகுள் கணக்கின் இலவச 15 ஜி.பி. நிறைந்திருந்தால் பேக்கப் என்றோ நின்றுபோயிருக்கும். ஆண்ட்ராய்டில் 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில்தான் கழிக்கப்படுகிறது. அதனால்தான் அந்தத் திரையில் வரும் தேதி முக்கியம். மொழி புரியாவிட்டாலும் பெரும்பாலான போன்களில் எண் புரியும். நேற்றைய தேதி இருந்தால் தைரியமாக மேலே போகலாம். போன வருஷத் தேதி இருந்தால் கையை எடுத்துவிட்டு, பழைய போனுக்குப் போய்ப் புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு வரவேண்டும்.

தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. திருப்பி எடுக்க முடியாத இடத்தில் ‘ஸ்கிப்’ என்ற வார்த்தையைப் போடாதீர்கள். ‘பழைய சாட் இல்லாமல் தொடங்கு’ என்று, நடக்கப்போவதை எழுதுங்கள். அந்த ஒரு திரையிலாவது மூலையில் மொழி மாற்றும் பட்டியலை வையுங்கள். முதல் திரையில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே வைக்கத் தெரியாதா என்ன!