பாட்டி சொன்னதும் பேத்தி சேர்த்ததும்

படிவம் நான்கு மாணவி ஒருத்தி இன்ஸ்டாகிராமில் தன் பாட்டியின் படத்தைப் போட்டு, கீழே ஒரு படக்குறிப்பு எழுதியிருந்தாள். பாட்டிக்குக் கைப்பேசிப் பழக்கம் கிடையாது. குறிப்பு இதுதான்:

"எனக்குப் போன் தெரியாது, பேத்தி எழுதுறா. அஞ்சு மணிக்கெல்லாம் பெரட்டு. வெயில் ஏறிட்டா பால் ஓடாது, அதனால இருட்டுலயே மரத்தடியில நிப்போம். மூத்தவன ஆயாக்கொட்டகையில விட்டுட்டு ஓடுவேன். மழை பேஞ்சா மங்குல தண்ணி, அன்னிக்கு வேலை போச்சு. கல்வியே பெண் விடுதலையின் திறவுகோல் என்பதை நான் உணர்ந்தேன். போதும், மத்ததெல்லாம் எதுக்கு."

முதல் வாக்கியமே எனக்குப் பிடித்தது. பேசுவது யார், எழுதுவது யார் என்று ஐந்தே சொல்லில் தெரிந்துவிடுகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு 'நான்'-உம் பாட்டிதான்.

இதையே அயற்கூற்றில் எழுதியிருந்தால்? "வெயில் ஏறினால் பால் ஓடாது என்றும், அதனால் தாங்கள் இருட்டிலேயே மரத்தடியில் நின்றதாகவும் பாட்டி கூறினார்." தேர்வுத்தாளில் முழுப்புள்ளி கிடைக்கும். ஆனால் பாட்டியின் குரல் போய்விடும். 'ஓடாதாம், நிப்பாங்களாம்' என்று '-ஆம்' போட்டிருக்கலாம்தான். அது கேள்விப்பட்ட செய்தி என்று காட்டும். கூடவே 'எனக்குத் தெரியாதுப்பா' என்ற சந்தேகத் தொனியும் ஒட்டிக்கொள்ளும். சொந்தப் பாட்டியின் பேச்சுக்கு அது வேண்டாம். நேர்க்கூற்றுதான் சரி.

ஆனால் நேர்க்கூற்றுக்கு ஒரு கடன் உண்டு: அடுத்தவர் வாயில் நம் சொல்லை வைக்கக்கூடாது. 'பால் ஓடாது' என்பது மரம் வெட்டியவர் பேச்சு. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், உளி பட்டதும் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். பாட்டி இதை விளக்கவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். பெரட்டு, மங்கு, ஆயாக்கொட்டகை எல்லாம் அப்படி வந்த சொற்கள்தாம்.

அடுத்து வரும் 'கல்வியே பெண் விடுதலையின் திறவுகோல்' வேறு ஆள் பேச்சு. அதற்கு முன்னும் பின்னும் 'ஏறிட்டா', 'பேஞ்சா', 'எதுக்கு'. நடுவில் மட்டும் 'என்பதை உணர்ந்தேன்'. கட்டுரைப் பயிற்சியில் நாம் மனப்பாடம் செய்ய வைத்த வரி, பாவம், பாட்டி தலையில் விழுந்திருக்கிறது. கருத்து தப்பில்லை, பாட்டிக்கும் அது இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் அதை எப்படிச் சொன்னார் என்று பேத்தி கேட்டு எழுதியிருக்க வேண்டும். அது பேத்தியின் கருத்து என்றால், பாட்டியின் பேச்சு முடிந்தபிறகு தனி வரியில், தன் பெயரில் போடலாம்.

அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'அன்னிக்கு வேலை போச்சு' என்பதை அடுத்து நேராக 'போதும், மத்ததெல்லாம் எதுக்கு' வருகிறது. பாட்டி எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்று இப்போது தெரிகிறது.